செருப்புக்கு அடியில் பத்து ரூபாய்: ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நேர்மைக் கதை எழுதும் முறை

பஸ் ஸ்டாண்டில் ஒரு பர்ஸ் கிடக்கிறது. ஒரு சிறுமி அதை எடுத்து உரியவரிடம் கொடுக்கிறாள். எல்லோரும் பாராட்டுகிறார்கள். இதை ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். "அப்புறம்?" என்று கேட்கும். கதை முடிந்துவிட்டதே அதற்குத் தெரிந்திருக்காது. ஏனென்றால் கதைக்குள் யாருக்கும் எந்தச் சங்கடமும் வரவில்லை.

பர்ஸை முழுதாக ஒளித்துக்கொள்ளும் எண்ணம் இந்த வயதில் எளிதில் வராது. பெரிய பொருளைக் கண்டால் பெரியவரைக் கூப்பிடும் வயது இது. பர்ஸிலிருந்து நழுவி ஓரமாகக் கிடக்கும் பத்து ரூபாயின் கதை வேறு. "இதை மட்டும் வெச்சுக்கிட்டா என்ன?" என்று நல்ல பிள்ளைக்கும் தோன்றும். பர்ஸைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பத்து ரூபாயைப் பற்றிச் சொல்லாமல் விடவும் தோன்றும். இந்த அத்தியாயத்தில் அந்தப் பாதி உண்மையை வைத்து, ஐந்து நிமிடத்துக்குள் வாசித்துக் காட்டக்கூடிய ஒரு கதையை நீங்களே எழுதப் போகிறீர்கள்.

## எழுதும் முன் தெரிய வேண்டிய ஒன்று

காங் லீ, விக்டோரியா தல்வார் உள்ளிட்ட கனடா ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தனித்தனியே ஒரு கதை வாசித்துக் காட்டினார்கள். பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அதற்கு முன்பே சொல்லி, சிறிது நேரம் தனியே விட்டிருந்தார்கள். கதை முடிந்த பிறகு, "பார்த்தாயா?" என்று கேட்டார்கள். பொய் சொன்னதால் ஓநாய்க்கு ஆடுகளைப் பறிகொடுக்கும் சிறுவனின் கதையும், மூக்கு நீளும் பினோக்கியோவின் கதையும் உண்மை சொல்லும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு அப்பாவிடம் பாராட்டுப் பெறும் சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டனின் கதை கூட்டியது. அதன் முடிவை மாற்றி, பொய் சொல்லிக் கெட்ட பலனை அடைவதுபோல வாசித்தபோது அந்தக் கதையும் பலன் தரவில்லை.

நமக்கு இதிலிருந்து வேண்டியது ஒரே ஒரு விதி: பொய்யால் வந்த கேட்டைக் காட்டாதீர்கள், உண்மையைச் சொன்னபின் வந்த நிம்மதியைக் காட்டுங்கள்.

## படி 1: சபலத்தைச் சிறிதாக்குங்கள்

1. ஐயாயிரம், ஐம்பதாயிரம் வேண்டாம். அந்தத் தொகை ஏழு வயதுக்கு வெறும் சத்தம். பத்து ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்பது பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.
2. அந்தப் பணத்தால் வாங்கக்கூடிய ஒரு பொருளைப் பிள்ளையின் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். தேன் மிட்டாய் ஜாடி போதும்.
3. அதைக் கேட்டு மறுக்கப்பட்டதாக ஒரு வரி எழுதுங்கள். ஆசைக்கு அது போதும்.

குறிப்பு: பிள்ளையை வறுமையில் தள்ளாதீர்கள். பசியோடு இருக்கும் பிள்ளை பணத்தை எடுத்தால் கேள்வி நேர்மையைத் தாண்டி எங்கேயோ போய்விடும்.

## படி 2: பர்ஸுக்குள் என்ன என்று முடிவு செய்யுங்கள்

2019-இல் வெளியான ஓர் ஆய்வில் 40 நாடுகளில் பர்ஸ்களைக் 'கண்டெடுத்ததாக'ச் சொல்லி அலுவலகங்களிலும் விடுதிகளிலும் கொடுத்துப் பார்த்தார்கள். பர்ஸ்களுக்குள் சாவியும் இருந்தது. மூன்று நாடுகளில் மட்டும் சில பர்ஸ்களைச் சாவி இல்லாமலும் கொடுத்தார்கள். சாவி இருந்த பர்ஸ்களை உரியவருக்குத் தெரியப்படுத்தியவர்கள் அதிகம். எடுத்தவருக்குச் சாவியால் பயனில்லை, தொலைத்தவருக்கோ அது இல்லாமல் முடியாது. அதைப் பார்த்ததும் பர்ஸுக்குப் பின்னால் ஒரு மனிதர் தெரிகிறார்.

பிள்ளைக்கும் அந்த மனிதர் தெரிய வேண்டும். ஆகவே பர்ஸில் மூன்று பொருள் போதும்: வீட்டுச் சாவி, மருந்துச் சீட்டு, விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் கொஞ்சம் பணம். ஆதார், ஏடிஎம் கார்டு எல்லாம் வேண்டாம். அவை என்ன என்று விளக்குவதற்குள் கதை ஆறிப்போகும்.

## படி 3: பஸ் ஸ்டாண்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்

உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலேயே கதையை வையுங்கள். போய் இந்த நான்கையும் பார்த்து வாருங்கள்.

1. பிள்ளையின் உயரத்திலிருந்து என்ன தெரிகிறது? குனிந்து பாருங்கள். பெஞ்சின் அடியும் கடை ஜாடியும் அந்த உயரத்தில்தான் தெரியும்.
2. டைம் கீப்பர் அறை எங்கே? அங்கிருந்து மைக்கில் அறிவிப்பு செய்கிறார்களா?
3. புறக்காவல் நிலையம் இருக்கிறதா? பெரிய பஸ் ஸ்டாண்டுகளில் இருக்கும்.
4. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொட வேண்டாம் என்று அறிவிக்கிறார்களா, எழுதி வைத்திருக்கிறார்களா?

நான்காவதைக் கவனியுங்கள். கிடக்கும் பொருளைத் தொடாதே என்று ஒலிபெருக்கி சொல்ல, தொட்டெடுத்த பிள்ளையை உங்கள் கதை பாராட்டினால் பிள்ளை எதைக் கேட்கும்? அதனால் நம் கதையில் பிள்ளை பர்ஸைத் தொடாது. பர்ஸ் பாதி திறந்து, உள்ளே இருப்பது தெரியும்படி கிடக்கும். பெரியவர் பார்த்துவிட்டு எடுப்பார். பத்து ரூபாய் மட்டும் வெளியே விழுந்திருக்கும். பிள்ளை அதைச் செருப்பால் மூடிக்கொள்ளும்.

செருப்பால் மூடுவதால் இன்னொரு வசதியும் உண்டு. மறைத்த பொருள் கைக்குள் இருந்தால் பிள்ளை எங்கே வேண்டுமானாலும் நடந்து போகலாம். காலுக்கடியில் இருந்தால் நகர முடியாது. மனசுக்குள் நடக்கும் போராட்டத்தைத் தனியாக விளக்க வேண்டாம், கால் காட்டிவிடும்.

## படி 4: நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்துங்கள்

ஒரு தாளில் எட்டே வரி எழுதுங்கள்.

1. பிள்ளையும் பெரியவரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள்.
2. பிள்ளை ஒன்றைக் கேட்கிறது, கிடைக்கவில்லை.
3. பர்ஸ் தெரிகிறது, நோட்டும் தெரிகிறது.
4. நோட்டை மூடிக்கொண்டு, பர்ஸைப் பற்றி மட்டும் சொல்கிறது.
5. நகர முடியவில்லை, ஒரு சின்னப் பொய் சொல்கிறது.
6. பெரியவர் அந்தப் பொய்யை நம்பி அன்பு காட்டுகிறார்.
7. யாரும் கண்டுபிடிக்கும் முன் பிள்ளை தானே சொல்கிறது.
8. பர்ஸ் உரியவரிடம் போகிறது. கணக்கு சரியாக இருக்கிறது.

ஆறும் ஏழும் இடம் மாறக் கூடாது. ஏழில் "தானே" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

## படி 5: எழுதுங்கள்

- ஒரு வாக்கியத்துக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு சொற்கள்.
- கதைசொல்லல் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். பேச்சு உங்கள் ஊர்ப் பேச்சாகவே வரட்டும்.
- பெயருள்ள பாத்திரம் ஒன்றே போதும்.
- "நேர்மை" என்ற சொல் கதைக்குள் ஓரிடத்திலும் வர வேண்டாம்.

இந்த அளவுகளுக்குள் எழுதிய கதை இது. தஞ்சைப் பக்கத்தில் நடப்பதால் பாட்டி 'அப்பாயி' ஆகியிருக்கிறார்.

---

கயலின் வலது கால்

மன்னார்குடி பஸ் ஸ்டாண்ட். கயலும் அப்பாயியும் வடுவூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். அப்பாயி சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கயல் பக்கத்தில் நின்றாள்.

எதிரே ஒரு கடை. கடையில் ஒரு ஜாடி. ஜாடி நிறையத் தேன் மிட்டாய்!

"அப்பாயி, தேன் மிட்டாய் வாங்கித் தாயேன்."

"நேத்துதானே தின்ன? இன்னிக்கு வேணாம்."

கயல் தலையைக் குனிந்துகொண்டாள். பெஞ்சுக்கு அடியில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. ஒரு பர்ஸ்! அதன் ஜிப் பாதி திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நோட்டு கிடந்தது.

கயல் நோட்டைப் பார்த்தாள். ஜாடியைப் பார்த்தாள். மறுபடி நோட்டைப் பார்த்தாள்.

வலது காலை மெல்ல நகர்த்தினாள். நோட்டு செருப்புக்கு அடியில் போய்விட்டது.

"அப்பாயி! இங்க ஒரு பர்ஸ் கிடக்கு!"

"நீ தொடாத, இரு." அப்பாயி குனிந்து பார்த்தார். உள்ளே ஒரு சாவி தெரிந்தது. பர்ஸை எடுத்துக்கொண்டார். "பாவம், யாரு விட்டுட்டுப் போனாங்களோ! டைம் கீப்பர்கிட்ட கொடுத்துடுவோம். வா கயல்."

இடது கால் வந்தது. வலது கால் வரவில்லை.

"நீ போ அப்பாயி. நான் இங்கயே நிக்கிறேன்."

"உன்னைத் தனியா விட்டுட்டு எங்க போறது? வா."

இடது கால் வந்தது. வலது கால் வரவில்லை.

"என்னடி ஆச்சு?"

"கால் வலிக்குது அப்பாயி."

"அய்யய்யோ! எங்க வலிக்குது?" அப்பாயி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கயலின் முழங்காலை மெல்லப் பிடித்துவிட்டார். "இங்கயா? இங்கயா வலிக்குது?"

கயலின் கண் நிறைந்துவிட்டது.

"வலிக்கல அப்பாயி."

"அப்புறம்?"

"சும்மா சொன்னேன்." கயல் வலது காலைத் தூக்கினாள். "இது பர்ஸ் பக்கத்துல கிடந்துச்சு. நான் மறைச்சு வெச்சேன்."

அப்பாயி நோட்டைப் பார்த்தார். கயலைப் பார்த்தார்.

"நான் கேட்கவே இல்ல. நீயா சொல்லிட்ட." அப்பாயி கயலின் கண்ணைத் துடைத்துவிட்டார். "எடு. பர்ஸுலயே வெச்சுடு."

கயல் நோட்டை எடுத்தாள். தூசியைத் தட்டினாள். பர்ஸுக்குள் வைத்தாள்.

இரண்டு பேரும் டைம் கீப்பர் அறைக்குப் போனார்கள். அவர் மைக்கில் சொன்னார்: "ஒரு பர்ஸ் கிடைத்திருக்கிறது. தவறவிட்டவர்கள் வந்து அடையாளம் சொல்லவும்!"

ஓர் அக்கா ஓடி வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"என்ன கலர்?" என்று கேட்டார் டைம் கீப்பர்.

"பச்சை."

"உள்ள என்ன இருக்கு?"

"வீட்டுச் சாவி. அம்மாவோட மருந்துச் சீட்டு. பத்து ரூபா நோட்டு மூணு."

டைம் கீப்பர் நோட்டுகளை எண்ணினார். கயலும் விரல் விட்டு எண்ணினாள். ஒண்ணு. ரெண்டு. மூணு.

சரியாக இருந்தது!

"நல்லவேளை, சாவி கிடைச்சுது," என்றார் அக்கா. "இல்லாட்டி இன்னிக்கு ராத்திரி திண்ணையிலதான்!" கயலின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

வடுவூர் பஸ் வந்தது. கயல் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். இடது கால் ஆடியது. வலது காலும் ஆடியது.

---

## கதையில் எது எதற்காக இருக்கிறது

கால் பிடித்துவிடும் இடம். அப்பாயிக்குச் சந்தேகம் வந்திருந்தால் கயல் இன்னொரு பொய்யைத் தேடியிருப்பாள். அவர் நம்பிவிட்டார். நம்பியவரின் கை முழங்காலில் இருக்கும்போது பொய்யைப் பிடித்துக்கொண்டிருப்பது கஷ்டம். உங்கள் கதையிலும் இந்த இடத்தில் பெரியவர் முறைக்கக் கூடாது, துருவிக் கேட்கவும் கூடாது.

"நான் கேட்கவே இல்ல. நீயா சொல்லிட்ட." அப்பாயி தரும் பாராட்டு இவ்வளவுதான். "சமத்து", "தங்கம்" என்றால் பாராட்டு பிள்ளையின் மேல் போய் உட்காரும். இந்த வரி பிள்ளை செய்த காரியத்தின் மேல் நிற்கிறது. கயல் நோட்டை மறைத்தது தவறு என்றும் அப்பாயி சொல்லவில்லை. நோட்டைத் திரும்ப வைக்கச் சொல்வதில் அது அடங்கிவிடுகிறது.

மூன்று நோட்டு. அக்கா "மூணு" என்று சொல்லும்போது, இரண்டுதான் இருந்திருக்கும் என்று கேட்கும் பிள்ளைக்குத் தானாகப் புரியும். அந்தக் கணக்கை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அடையாளம் கேட்பது. அறிவிப்பில் பர்ஸின் நிறத்தையோ உள்ளிருக்கும் பொருளையோ சொன்னால் யார் வேண்டுமானாலும் வந்து வாங்கிப் போகலாம். நிஜ வாழ்விலும் இதுதான் முறை. கதையோடு சேர்ந்து பிள்ளை அதையும் கற்றுக்கொள்ளும்.

வராத மிட்டாய். கடைசியில் அக்காவோ அப்பாயியோ தேன் மிட்டாய் வாங்கித் தரவில்லை. தந்தால், உண்மையைச் சொன்னால் மிட்டாய் வரும் என்ற கணக்குதான் பிள்ளைக்கு மிஞ்சும்.

## படி 6: வாசித்துக் காட்டிச் சோதியுங்கள்

1. ஒரு பிள்ளைக்கோ, இரண்டு மூன்று பிள்ளைகளுக்கோ வாசியுங்கள். கூட்டத்தில் ஒரு பிள்ளையின் பதிலையே மற்றவையும் சொல்லும்.
2. "வலது கால் வரவில்லை" என்பது இரண்டாம் முறை வரும் இடத்தில் நிறுத்துங்கள். "ஏன் வரல?" என்று கேளுங்கள். "காலை எடுத்தா நோட்டு தெரிஞ்சுடும்" என்று பதில் வந்தால் கதை வேலை செய்கிறது. "கால் வலிக்குது போல" என்று வந்தால், நோட்டை மூடும் வரி போதுமான அளவு தெளிவாக இல்லை. அந்த இடத்தைத் திருத்துங்கள்.
3. கயல் காலைத் தூக்கும் முன் மறுபடி நிறுத்தி, "அப்பாயி என்ன செய்வாங்க?" என்று கேளுங்கள். "அடிப்பாங்க" என்றால் மறுப்புச் சொல்ல வேண்டாம். அடுத்த வரியை வாசியுங்கள். கதையே பதில் சொல்லட்டும்.
4. முடிந்ததும், கயல் தானே சொல்லிவிட்டாளா, மாட்டிக்கொண்டாளா என்று கேளுங்கள். பிள்ளை தடுமாறினால் ஏழாவது நிகழ்ச்சியில் குறை இருக்கிறது.
5. ஒரு தாளைச் செருப்புக்கு அடியில் வைத்து நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கயலாக நின்ற பிள்ளை அடுத்து அப்பாயியாகவும் நிற்கட்டும்.

குறிப்பு: "நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்ற கேள்வியைத் தவிருங்கள். உங்களுக்குப் பிடித்த பதில் எது என்று பிள்ளைக்குத் தெரியும், அதையே சொல்லும்.

## அடிக்கடி நேரும் பிழைகள்

மாட்டிக்கொள்ள வைப்பது. கேமராவில் தெரிந்துவிட்டது, அக்கா எண்ணிப் பார்த்து ஒன்று குறைகிறது என்றார், அப்போது கயல் ஒப்புக்கொண்டாள் என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் கேமரா இல்லாத இடம் எது என்று பிள்ளை யோசிக்கும்.

காசை மிதித்ததைப் பெரிதாக்குவது. காசில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அப்பாயி அதைச் சொல்லிக் கண்டித்தால், கயலின் தவறு மிதித்ததுதான் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். மறைத்தது பின்னுக்குப் போய்விடும். வாசிக்கும்போது பிள்ளையே இதைக் கேட்டால், "ஆமா, அதான் தூசியைத் தட்டினா" என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

திருடனைக் கொண்டுவருவது. பர்ஸ் தன்னுடையது என்று ஒருவன் பொய் சொல்லி வந்தால் கதை விறுவிறுப்பாகும். ஆனால் பிள்ளையின் கண் அவன் மேல் போய்விடும். கயலின் சின்னப் பொய்யை யாரும் நினைக்கமாட்டார்கள்.

கடைசி வரியில் நீதி. "இதனால் அறியப்படுவது" என்று தொடங்கும் வரியை நீக்குங்கள். அது இல்லாமல் கதை புரியவில்லை என்றால், திருத்த வேண்டிய இடம் முடிவில் இல்லை. நான்காவது முதல் ஏழாவது நிகழ்ச்சி வரை மறுபடி பாருங்கள்.

## பாதுகாப்பு: கதையை முடிக்கும் முன் சரிபாருங்கள்

1. பிள்ளை பெரியவரின் கை எட்டும் தூரத்தைத் தாண்டுகிறதா? பர்ஸ்காரரைத் தேடி ஓடுவது, நகரும் பஸ்ஸின் பின்னால் கத்திக்கொண்டு போவது எல்லாம் படத்துக்கு அழகு. கேட்ட பிள்ளை அதைச் செய்து பார்த்தால் ஆபத்து.
2. பர்ஸைப் பிள்ளை தொடுகிறதா? தொடாமல் கூப்பிடட்டும். மூடிய பையோ பொட்டலமோ கிடந்தால் பெரியவரும் தொடாமல் காவலரிடம் சொல்ல வேண்டும். ஆகவே உங்கள் கதையில் பையை வைக்காதீர்கள்.
3. முன்பின் தெரியாதவரிடம் பிள்ளை நேரடியாகப் பர்ஸைக் கொடுக்கிறதா? டைம் கீப்பரோ காவலரோ நடுவில் இருக்கட்டும்.
4. பர்ஸ்காரர் பிள்ளையை வீட்டுக்கு அழைக்கிறாரா, தின்பண்டம் தருகிறாரா? இரண்டையும் எடுத்துவிடுங்கள்.
5. "நான் இங்கயே நிக்கிறேன்" என்று பிள்ளை சொல்லும் இடத்தில் பெரியவர் மறுக்கிறாரா? அந்த மறுப்பு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

## வாசித்த பின் வரும் நாட்களில்

கதை கேட்ட பிள்ளை ஒருநாள் உங்களிடம் வந்து, எப்போதோ எடுத்த ரப்பரைப் பற்றியோ உடைத்த டம்ளரைப் பற்றியோ சொல்லக்கூடும். அப்போது அப்பாயி செய்த மூன்றையும் அதே வரிசையில் செய்யுங்கள். முதலில், தானே சொன்னதைக் குறிப்பிடுங்கள். அடுத்து, அதைச் சரிசெய்ய ஒரு வேலை கொடுங்கள்: ரப்பரைத் திருப்பிக் கொடுப்பது, சில்லுகளை நீங்கள் பெருக்கும்போது முறத்தைப் பிடிப்பது. பிறகு அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்தவர்களிடம் பிள்ளையை வைத்துக்கொண்டே அதைச் சொல்லிக்காட்டினால், அடுத்த தடவை ரப்பர் விஷயம் உங்கள் காதுக்கு வராது.